தீபாவளி மாதத்துப் பத்து ரூபா

அன்று அடுப்படியில் நான், அவர், மாமி மூவரும் இருந்தோம். கலியாணத்துக்குப் பின் வந்த அவருடைய முதல் சம்பளம் முப்பது ரூபா. அரிசி சாமானுக்குப் பதினாறு, வாடகைக்கு ஆறு, மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் இரண்டு, மாமிக்கு ஆறு என்று பிரித்ததில் அது முடிந்துவிட்டது. தவணைக்கு எடுத்த என் தையல் மெசினுக்கு மாதம் கட்டவேண்டிய ஐந்து ரூபாவுக்கு வழியில்லை.

“போன மாதம் நீர் தைச்சுப் பத்து ரூபா எடுத்தனீர்தானே? மாதம் பத்து எண்டு போடுறன்,” என்று அவர் கணக்குக் கொப்பியில் என் வரவாகப் பத்து எழுதினார்.

“இஞ்சாருங்கோ, அது தீபாவளி மாதம். இனித் தைப்பொங்கலுக்குத்தான் சட்டை தைக்கத் தருவினம்.”

“அப்ப மெசினைத் திருப்பிக் குடுத்திட்டுக் கையாலை தையும் பிள்ளை,” என்று மாமி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெசினைக் கொடுத்தால் அந்தப் பொங்கல் காசும் வராது. வைத்திருந்தால் காசு வராத மாதமும் ஐந்து ரூபா கட்டவேண்டும். அவர் பத்தை அழித்துப் பூச்சியம் போட்டார். மாமி தன் ஆறில் இரண்டை விட்டுக்கொடுத்தார். அந்த மாதத் தவணைக்கு இன்னும் மூன்று ரூபா பாக்கி.