நாலு விரல் தரை

குழாய் வேலைக்காரரை எல்லாரும் 'ஒருவாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒருவாட்டி வெச்சா வெச்சதுதான்" என்று வாய்க்கு வாய் சொல்வார். மூடின சுவரை மறுபடி உடைப்பது அவருக்கு மானப் பிரச்சினை.

அன்று கீழ் பாத்ரூமில் சுவருக்கு டைல்ஸ் ஒட்ட, டைல்ஸ்காரர் கலவையோடு தயாராக நின்றார். வீட்டுக்காரருக்கு ஷவர் போதும். அவர் மனைவிக்கோ வாளியும் மக்கும் இல்லாவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. அதனால் தன் பெரிய வாளியையே கொண்டுவந்து, சோதனைக்கு மாட்டியிருந்த குழாயடியில் வைத்துப் பார்த்தாள். மயிரிழை இடைவெளியில் நுழைந்துவிட்டது.

"சரியா இருக்குண்ணே" என்று சிரித்தாள்.

ஒருவாட்டியின் பார்வை தரைக்குப் போனது. தரைக்கு இன்னும் தண்ணீர் வடியச் சாய்வுக் கலவையும் டைல்ஸும் போடவில்லையே! அவர் வெறுந்தரையிலிருந்து அல்லவா அளந்து தொலைத்திருக்கிறார்! வாயை மூடிக்கொண்டு நின்றால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, குழாய்ச் சுவரை உடைக்க உளியை எடுத்தார்.

"என்னய்யா, பைத்தியமா?" வீட்டுக்காரர் கத்தினார்.

"கத்தாதீங்க சார்!"

டைல்ஸ் துண்டுகளை நாலு விரல் உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் வாளியை ஏற்றப் பார்த்தார். விளிம்பு குழாயில் முட்டி நின்றது.

"தரை போட்டா இவ்வளவு உயரும், இதான் கதி. தப்பு என்னோடது."

டைல்ஸ்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, நேத்து நான் சுவர் டைல்ஸ் ஒட்டி முடிச்ச மாடி பாத்ரூமும் இதே அளவுதானே?"

ஒருவாட்டி சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.