இந்த வீட்டில் யார் யார்

அப்பா இறந்த வருடம் அம்மா விதவைகளுக்கான உதவிப்பணம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனாள். அப்போது அவளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை இருந்தது. சம்பளம் வருகிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகு முதியோர் கொடுப்பனவு கேட்டாள். அதற்கு எழுபது வயது நிறைய வேண்டுமாம். நிறையும்வரை காத்திருந்து எழுதிப் போட்டாள்.

விசாரிக்க உத்தியோகத்தர் வந்த அன்று, தீபாவளி லீவில் நானும் அக்கரப்பத்தனையில் இருந்தேன். கொழும்பில் புடவைக்கடை வேலை, போர்டிங் அறை. ஊருக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்.

வந்தது யாழ்ப்பாணத்துப் பெண். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மாவின் அடையாள அட்டையை வாங்கி வயதைச் சரிபார்த்தாள்.

"அம்மா, இந்த வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?"

"நானும் எம் மகளுந்தாங்க மிஸ்," என்றாள் அம்மா, சட்டென்று.

"மகள் வேலை செய்யிறாவோ?"

நான் கடையைச் சொன்னேன், சம்பளத்தையும் சொன்னேன். அவள் பேனாவை நிறுத்தினாள்.

"ஒரே அடுப்பில சமைச்சுச் சாப்பிடுற ஆக்களின்ர வருமானம் எல்லாம் சேரும். உங்கடையும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும், காசு கிடைக்காது. நீங்கள் இங்கயோ இருக்கிறியள்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"இல்ல மிஸ். நா இங்க இல்ல. கொழும்புலதான் இருக்கேன். கைல இருக்கறப்ப கொஞ்சம் அனுப்புவேன்."

"அனுப்பிற காசை எழுதத்தான் வேணும். ஆனால் நீங்கள் இந்தக் குடும்பக் கணக்கில வரமாட்டியள்." அவள் அம்மாவைத் தனி ஆள் என்று எழுதிக்கொண்டாள். கிராம சேவகரிடமும் விசாரிப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனாள்.

சொன்னது அத்தனையும் உண்மைதான்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் ஈர விறகைத் தள்ளியபடி கேட்டாள்.

"அப்ப நீ இந்த வீட்டு ஆளு இல்லயாடி?"

"எழுத்துக்குத்தாம்மா."

"எழுத்துல இல்லாட்டியும் ஒனக்கும் சேத்துதான் ஒல வக்கிறேன். பழக்கமாப் போச்சு. மிஞ்சறத காலைல தின்னுக்குவேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் இல்லாத நாட்களிலும் அந்த வீட்டில் எனக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது என்று.

சில மாதங்களில் கொடுப்பனவு வந்தது. அம்மா தபால் கந்தோருக்குப் போய் வாங்கி வந்து, சந்தோஷமாகப் போனில் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

இங்கே கடை மூடியதும் பார்சல் சோறு வாங்கிக்கொண்டு அறைக்கு வருகிறேன். பிரிக்கும்போதெல்லாம் ஈர விறகின் புகை வேண்டும்போல் இருக்கிறது. "பீலில தண்ணி புடிச்சுட்டு வாடி," என்று யாராவது என்னை அதட்ட வேண்டும்போலவும் இருக்கிறது.