மூடி உட்காராத வளையம்

லேபிள் அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் ‘ஸ்கேல்’. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சாண் நீள எஃகு ஸ்கேல் இருக்கும். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்றே சுவர்க்கடிகாரம் சாய்ந்திருக்கிறது என்று சொன்ன மனிதர். “கடிகாரம் நேராயிடுச்சு, எங்கப்பாதான் இன்னும் இவர்கிட்ட நேரா முகம் கொடுத்துப் பேசல” என்பாள் மனைவி.

ஆனால் வேலையில் புலி. பாட்டிலைச் சுற்றி ஒட்டும் லேபிள் என்றால் முதலில் ஒரு காகிதத் துண்டைப் பாட்டிலைச் சுற்றிப் பிடித்து, நுனி சேருமிடத்தில் கோடு போட்டுக்கொள்வார். அதோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்ட நகக்கண் அளவு கூடுதல். சின்னம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடமாட்டார். தாண்டினால் இரண்டு ஓரமும் வளைவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், எதிரே நிற்பவருக்கு அரை முகம்தான் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பதில் அவருக்கு அலாதிச் சந்தோஷம். ஊருக்கு உபதேசம் செய்ய ஆள் வேண்டுமென்றால் ஸ்கேலைக் கூப்பிட்டால் போதும்.

அவருடைய தங்கை கை கழுவும் சோப்புத் திரவம் தயாரித்து விற்கத் தொடங்கினாள். வீட்டின் பின்னறைதான் தொழிற்சாலை, லேபிள் ஒட்டச் சம்பளத்துக்கு ஓர் அக்கா. சின்னத்தை அவளே வரைந்தாள். பாட்டில் மூடியைக் காகிதத்தில் கவிழ்த்து, சுற்றிக் கோடு போட்டு, நடுவில் ஒரு சொட்டு. “அண்ணா, இந்த மூடி அளவுக்கே வளையம் இருக்கட்டும். வேற எதையும் மாத்திடாதே” என்றாள்.

“யார்கிட்ட சொல்றே?” என்றார் ஸ்கேல்.

லேபிளை வடிவமைத்து முடித்ததும், அது பாட்டிலில் எப்படி இருக்கும் என்று தங்கைக்குக் காட்ட ஆசை. கம்ப்யூட்டரில் பாட்டில் படம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது வேறொருவருக்குச் செய்த வேலை. உயரம் இதே உயரம், ஆனால் கொஞ்சம் பருத்த பாட்டில். அதன்மேல் தங்கையின் லேபிளை ஏற்றினார். பருத்த உடம்பை முழுக்கச் சுற்றுவதற்காக லேபிள் பக்கவாட்டில் இழுபட்டது, வளையம் படுத்த முட்டை போல ஆனது. பாட்டிலின் அளவை மாற்ற வேண்டும் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை. “வளைவுல இப்படித்தான் தெரியும், நாமதான் ஈடுகட்டணும்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, லேபிளில் இருந்த வளையத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கினார். திரையில் வட்டம் லட்சணமாக வந்தது. தங்கை படத்தைப் பார்த்துக் கைதட்டினாள். அச்சாகிப் போய்விட்டது.

அடுத்த வாரம் தங்கையும் அவள் கணவனும் ஒரு பாட்டிலோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார்கள். முதலாளி இருந்தார், மற்றவர்களும் இருந்தார்கள்.

“என்ன மச்சான், வட்டம் கேட்டா நிக்கிற முட்டை கொடுத்திருக்கீங்க?” என்றான் தங்கையின் கணவன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கேல் பாட்டிலை வாங்கி ஒரு கண நேரம் திருப்பினார். பையிலிருந்த ஸ்கேலைத் தொடக்கூட இல்லை. “ஒட்டினது யாரு? ஒட்டும்போது ரெண்டு பக்கமும் நெருக்கிட்டாங்க. கை சுத்தமில்ல” என்றார்.

“அந்தக்காதான் ஒட்டுறாங்க” என்றாள் தங்கை, முகம் சுண்டிப்போய். “நான் அப்பவே நெனச்சேன்.”

அவர்கள் போன பிறகுதான், மேஜையில் விட்டுப்போன பாட்டிலின் லேபிளை அவர் உரித்தார். தட்டையாக விரித்து, மூடியைக் கழற்றி வளையத்தின்மேல் வைத்தார். மேலும் கீழும் பொருந்தியது. இரண்டு பக்கமும் மூடி கோட்டைத் தாண்டி நின்றது. காகிதத்தை உருளையில் சுற்றினால் அது நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. கோணலாக ஒட்டினால் ஓரம் சேராது, நெருக்கினால் சுருக்கம் விழும். வட்டம் முட்டையாகாது. இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று நாலு வார்த்தை. முதலாளி அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. ஸ்கேல் லேபிளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார். நாளை சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அதையேதான் நினைத்தார். புதியவன் ஒருவன் சந்தேகம் கேட்டு வந்தபோது, கண்ணைப் பார்க்க முடியாமல், “அப்புறம் வாப்பா” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்கு அந்தச் சோறு எப்படி இறங்கும்? வீட்டில் சாப்பாடு பாதியில் நின்றது. மனைவி ஏன் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார், அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

பிறகு தங்கை போன் செய்தாள். “அந்தக்காவை நிறுத்திடலாம்னு இருக்கேண்ணா. எத்தனை தடவை சொல்லியும் வட்டம் வரல. புது ஆள் பாக்கணும்.”

அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை.

தங்கை வீட்டுப் பின்னறையில் ஒட்டுகிற அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் உரித்த லேபிள்கள். மடியில் ஒரு பாட்டில். வளையத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது. அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

“அண்ணே, நல்லவேளை வந்தீங்க. இப்ப கொஞ்சம் விரிஞ்சிருக்கா பாருங்க. நீங்க சொன்ன மாதிரி நெருக்காமத்தான் ஒட்டுறேன்.”

அவர் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். “அக்கா, தப்பு உங்க மேல இல்ல. நான்தான் வளையத்தை ஒடுக்கிட்டேன்.”

அவள் சிரித்தாள். “பரவால்லண்ணே. என் வேலை போயிடக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்களுக்கு நல்ல மனசு.”

“அதானே!” என்றாள் தங்கை வாசலில் நின்றபடி. “நீ அளவுல தப்பு பண்ணுவியா? அவங்களுக்காகப் பழியைத் தலையில தூக்கி வச்சுக்காதேண்ணா.”

அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். தான் சொன்ன பொய்யை உடனே நம்பியவர்கள், உண்மையை இரக்கத்தில் சொன்ன பொய் என்று நினைக்கிறார்கள். அவர் அலமாரியிலிருந்து இன்னும் ஒட்டாத லேபிள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். ஒரு பாட்டில் மூடியைக் கழற்றி வளையத்தின்மேல் வைத்தார். அவசரத்தில் மூடி ஒருமுறை உருண்டு ஓடியது, பிடித்து மறுபடி வைத்தார்.

“இதை யாரும் இன்னும் ஒட்டல. யார் கையும் படல. பாருங்க.”

மூவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பக்கமும் மூடி கோட்டைத் தாண்டி நின்றது. தங்கையின் முகம் மெல்ல மாறியது. அக்கா பக்கம் திரும்பியவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

“கம்ப்யூட்டர்ல பாட்டிலைத் தப்பா வச்சுட்டேன். அதுக்கேத்த மாதிரி வளையத்தை மாத்திட்டேன். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அதான் பழியை உங்க மேல போட்டுட்டேன்” என்றார் ஸ்கேல். “இவங்க அச்சகத்துலேர்ந்து போன கொஞ்ச நேரத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். புதுசா அடிச்சுத் தர்றேன். முதலாளிகிட்டயும் சொல்லிடுறேன்.”

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் மூடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“என் கைதான் சரியில்லன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேண்ணே” என்றாள்.