முப்பதாம் நாள், மாலை ஆறு பத்து

தம்பியின் தொலைபேசியில் அவன் மனைவி, என் மச்சாள், இணையப் பொதி போட்டது பதின்மூன்றாம் திகதி மாலை ஆறு பத்துக்கு. இணையத்தோடு நாடகத் தொடர்களும் பார்க்கலாம். பக்கத்தில் இருந்த நான் வழக்கம்போல நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். திரையில் 'முப்பது நாள்' என்றிருந்ததை அவள் ஒரு மாதம் என்று எடுத்துக்கொண்டாள். அதுவோ முப்பத்தொரு நாள் மாதம்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி பிற்பகல் மூன்றரைக்குத்தான் நாட்குறிப்பில் கண்டேன், தவணை இன்றே முடிகிறது. அரை மணி முன்பே தம்பி மயிலிட்டியிலிருந்து மீன்பிடிக்கப் படகெடுத்துவிட்டான். ஆறு பத்துக்குப் பொதி தானே புதுப்பித்துக்கொண்டு தொலைபேசியில் உள்ள மீதிக் காசை எடுத்துவிடும். போன மாரியில் எஞ்சின் நின்று கடல் எல்லைப் பக்கம் இழுபட்டபோது, அவன் எடுத்த ஒரே அழைப்பில்தான் இன்னொரு படகு தேடிப்போனது. மீதி இல்லாவிட்டால் அந்த அழைப்பும் இல்லை.

மச்சாளிடம் சொன்னேன்.

"நாளைக்குத்தானே முடியுது?" என்றாள். "பொதி போட்ட அப்பையும் அழிச்சுப்போட்டன்."

செயலியை அழித்தால் சந்தா நிற்காது என்றதும் அவள் முகம் மாறியது. புதுப்பிப்பை நிறுத்தும் இலக்கத்தைத் தம்பியின் தொலைபேசியிலிருந்துதான் அழுத்தவேண்டும். அழைத்துப் பார்த்தோம். பற்றரி மிச்சம் பிடிக்க வழமைபோல அணைத்து வைத்திருந்தான்.

சிம் என் பெயரில் இருந்தது. அடையாள அட்டையோடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். ஒவ்வொரு தரிப்பிலும் மணிக்கூட்டைப் பார்த்தேன். வாடிக்கையாளர் நிலையம் ஐந்தரைக்குப் பூட்டும். உள்ளே போனது ஐந்து இருபதுக்கு. அட்டையை மேசையில் வைத்து விசயத்தைச் சொன்னேன்.

"கூடக் காசு போட்டுவிட்டாச் சரிவராதோ, பிள்ளை?"

முகப்பிலிருந்த பெண் திரையைப் பார்த்தபடியே மறுத்துத் தலையாட்டினாள். "இப்ப போடாதேங்கோ அன்ரி. இதிலை ரெண்டு சந்தா இருக்கு. நாடகம் பாக்கிற படச் சந்தா வேறை. அதுக்குக் காசு போதாமல் போன கிழமை எடுக்கேலாமல் நிக்குது. காசு விழுந்த உடனை அதுதான் இழுக்கும்."

பொதியின் தானியங்கிப் புதுப்பிப்பை முதலில் நிறுத்தினாள். பிறகு படச் சந்தாவை. இரண்டும் நின்றுவிட்டதைத் திரையில் காட்டச் சொன்னேன். காட்டினாள். ஆறு பத்துவரை பொதி வேலை செய்யும், அதற்குப் பிறகு காசு எதுவும் எடுபடாது என்றாள். அதன் பின்னரே காசு போட்டேன்.

ஆறு பத்துக்கு பஸ்ஸில் இருந்தேன். திரையில் கண்டது உண்மையோ என்ற பயம் போகவில்லை. வீட்டில் மச்சாள் சாமிப்படத்தின் முன்னால் விளக்கேற்றியிருந்தாள்.

விடியத் தம்பி கரைக்கு வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"ஃபோனை நான் திறக்கவே இல்லை, அக்கா," என்று சிரித்தான். "நீங்கள் ரெண்டு பேரும்தான் நடுக்கடலிலை நிண்டிருக்கிறியள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சாளுக்கும்தான். அவளுடைய தொடர் அந்த மாதம் பாதியில் நின்றது.

அன்று பிற்பகல் கடலுக்குப் புறப்படும்போது, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அவன் தொலைபேசியில் மீதிக் காசு எவ்வளவென்று பார்த்ததை நான் கண்டேன்.