ஒன்பதாம் பத்தியில் ஒரு கல்

கோர்ட் கமிஷனர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அரூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் ஜூனியராக இருந்தபோது ஏற்பட்ட கோபம் இது. இத்தனை நாளாகியும் ஆறவில்லை.

எங்கள் கட்சிக்காரர் கடத்தூர்ப் பக்கம் ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் தக்காளி போட்டிருந்த பெண்மணி. புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்த நிலத்தையும் ஒரு போர்வெல்லையும் வைத்துக்கொண்டு குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மேற்கே இருந்த நிலத்துக்காரர், எல்லை தள்ளிப் போயிருக்கிறது, அந்த போர்வெல் இருக்கிற இடமே தன்னுடையது என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். போர்வெல் போனால் அந்த அம்மாவின் நிலம் வெறும் மண்தான். வழக்கு முழுக்க அதுதான் விஷயம்.

இடத்தைப் பார்த்து, அளந்து, உள்ளது உள்ளபடி எழுதிவர கோர்ட் ஒரு வக்கீலை கமிஷனராக நியமித்தது. எங்கள் பார் அசோசியேஷன்காரர்தான், தினமும் டீக்கடையில் பார்க்கிற மனுஷன். யார் பக்கம் நியாயம் என்று சொல்வது அவர் வேலை இல்லை. தாலுகா சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய், சர்வே கல்லைப் பிடித்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து ஆளே போகவில்லை. சீனியருக்கு தர்மபுரியில் வேறு வழக்கு. எனக்குக் காய்ச்சல்.

அறிக்கை வந்தது. பதினான்கு பக்கம், பின்னால் வரைபடம்.

"மொத்தத்தயும் யாரு படிக்கறது? ஒரே பக்கமா எழுதிக் குடும்மா. இன்ஜங்ஷன் பெட்டிஷன் நாளைக்கு வருது" என்றார் சீனியர்.

உட்கார்ந்து எழுதினேன். அந்த அறிக்கையில் இல்லாத சமாச்சாரம் இல்லை. எத்தனை மணிக்குப் போனார், யார் யார் இருந்தார்கள், எத்தனை தென்னை, எத்தனை வேம்பு, வேலி கம்பியா முள்ளா, வழியில் ஒரு கோழிக்கூண்டு என்று அளந்து விட்டிருந்தார். நான் வேண்டாததையெல்லாம் தள்ளிவிட்டு முக்கியமானதை மட்டும் எடுத்தேன். வடமேற்கு மூலையில் சர்வே கல் காணப்படவில்லை. ஆகவே வாதி காட்டிய வேலி மூலையிலிருந்து சர்வேயர் அளந்தார். அப்படி அளந்ததில் போர்வெல் வாதியின் நிலத்துக்குள் நான்கடி தள்ளி விழுகிறது. மொத்தம் பத்து வரி. சீனியர் பார்த்துவிட்டு, "நல்லா சுருக்கியிருக்க" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அந்தப் பத்து வரியை வைத்துத்தான் சீனியர் வாதாடினார். கல்லே இல்லாத இடத்தில் வாதி சொன்ன மூலையை எப்படி நம்புவது என்று கேட்டார். நீதிபதி, கல் இல்லை என்கிறபோது இருப்பதை வைத்துத்தானே பார்க்க முடியும் என்றார். வழக்கு முடியும்வரை போர்வெல்லை எங்கள் கட்சிக்காரர் உபயோகிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அடுத்த வாரம் அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். பஸ்ஸில் வந்த வேர்வைகூடத் துடைக்காமல் நின்றார்.

"கல்லு இல்லன்னு எழுதியிருக்காங்களாமே, வக்கீலம்மா? கல்லு அங்கதாங்க இருக்குது. எங்க மாமனாரு காலத்துலருந்து இருக்குது. பொங்கலுக்குப் பொங்கல் மஞ்ச பூசி, பொட்டு வெச்சு, தேங்கா ஒடைக்கறோம்."

"கமிஷனர்கிட்ட சொல்லலையாக்கா?"

"சொன்னேங்க. 'சாமி சமாச்சாரமெல்லாம் நமக்கு வேணாம்மா, சர்வே கல்லு இருந்தா காட்டு'ன்னாரு. 'அதாங்க சார் சர்வே கல்லு'ன்னேன். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கெடக்கறதப் பாத்துட்டு, சாமி கல்லுன்னுட்டாரு."

அறிக்கையை எடுத்துப் புரட்டினேன். ஒன்பதாம் பத்தியில், வேம்புக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் இருந்தது: 'மேற்படி மூலைக்கு அருகில் மஞ்சள் பூசப்பட்ட வழிபாட்டுக் கல் ஒன்று உள்ளது.' அடுத்த பத்தியில், 'சர்வே கல் காணப்படவில்லை.' அடப்பாவி! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார். கல் மண்ணுக்குள் போகக் கூடாது, யாரும் பிடுங்கக் கூடாது என்றுதான் ஒரு குடும்பம் அதைச் சாமியாக வைத்துக் கும்பிட்டிருக்கிறது. அந்த மரியாதையே அவர்கள் தலையில் விழுந்துவிட்டது.

தெற்கே இரண்டு சர்வே கற்கள் இருந்தன. அங்கிருந்து புல வரைபடத்தில் உள்ள தூரத்துக்கு டேப்பைப் பிடித்திருந்தால் வடமேற்கு மூலை தானாக வந்து நின்றிருக்கும். பிடிக்கவில்லை. ஏன்? 'முட்புதர் அடர்ந்திருந்ததால் தெற்குக் கற்களை அணுக இயலவில்லை' என்று அதையும் எழுதியிருந்தார். ஒரு அரிவாளுக்குப் பஞ்சமா அந்த ஊரில்? படித்த மனுஷன், கோர்ட் கொடுத்த கட்டணத்தை வாங்கிக்கொண்டு, முள் குத்துமென்று ஒரு பொம்பளையின் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். நான் அன்றைக்கு அலுவலகத்திலேயே சத்தம் போட்டுத் திட்டினேன். டீக்கடையில் அவர் காதில் விழும்படியே திட்டினேன். அதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை.

ஆட்சேபணை எழுதினேன். அதே கமிஷனரை மறுபடி அனுப்பி, மூன்று கற்களையும் வைத்து அளக்கச் சொல்லுங்கள் என்று மனுவும் போட்டோம். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய வாய்தா, பிறகு இன்னொரு வாய்தா. உத்தரவு வருவதற்குள் கோடை வந்துவிட்டது.

இரண்டாவது முறை நானே போனேன். முள்ளை வெட்ட ஆள் வைத்து, தெற்குக் கற்களைச் சுத்தம் பண்ணி வைத்திருந்தார் அந்த அம்மா. சர்வேயர் டேப்பைப் பிடித்தார். வாதியும் நின்றார், அவர் வக்கீலும் நின்றார். டேப்பின் நுனி நேராக வந்து மஞ்சள் கல்லின் மேல் நின்றது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லைத் தொட்டுக் கும்பிட்டு, தானே தேங்காய்த் தொட்டியால் சுரண்டினார். மஞ்சள், சுண்ணாம்பு, மறுபடி மஞ்சள் என்று பட்டை பட்டையாக உரிந்தது. மேல்தலையில் சர்வேக்காரர்கள் வெட்டிய குறி பளிச்சென்று தெரிந்தது. அங்கிருந்து கோடு பிடித்தால் போர்வெல் அந்த அம்மாவின் நிலத்துக்குள்தான், ஐந்தடிக்கு மேல்.

தக்காளிச் செடியெல்லாம் முன்னமே கருகிப்போயிருந்தது.

கமிஷனர் கூச்சமே இல்லாமல் குறிப்பேட்டை மூடினார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "சொன்னாங்க சார். நீங்க காதுல வாங்கல. எழுதின உங்களுக்கே நீங்க என்ன எழுதினீங்கன்னு தெரியல. ஒன்பதாம் பத்தியில கல்லு இருக்குது, பத்தாம் பத்தியில கல்லு இல்ல. உங்களால ஒரு குடும்பத்தோட வெள்ளாமையே போச்சு" என்று வாதி, சர்வேயர், எல்லார் முன்னாலும் கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் சுருங்கிப் போய் ஜீப்பை நோக்கி நடந்தார்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"ஏங்க வக்கீலம்மா, அவரு அறிக்கையில கல்லுன்னு ஒரு வரி இருந்துச்சுன்னு சொல்றீங்களே. ஜட்ஜுகிட்ட பேசறதுக்கு நீங்க சின்னதா ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னு பெரிய வக்கீலு சொன்னாரு. அதுல அந்த வரி இருந்துச்சுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை.

"இல்லைங்கக்கா" என்றேன். "தேவையில்லன்னு நான்தான் எடுத்துட்டேன்."

அவர் புடவை முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அப்ப அவர மட்டும் எதுக்குங்க இந்தத் திட்டு திட்டறீங்க?" என்றார்.