இரண்டாம் மதிப்பீட்டாளரின் கேள்வி

முதுநிலை நர்சிங் படிப்புக்காக நான் எழுதிய ஆய்வேட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்குத் தீக்காய முதலுதவி கற்றுக்கொடுத்து, வகுப்புக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து, மதிப்பெண் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வு. அதைச் சின்னக் கட்டுரையாக்கி இதழுக்கு அனுப்பச் சொன்னார் என் வழிகாட்டி மேடம்.

வெட்டுவதில் எனக்கு இரக்கம் கிடையாது. முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் அத்தியாயம் ஒரு பத்தியானது. கோட்பாட்டுப் படம் போனது. வயதையும் படிப்பையும் மதிப்பெண்ணோடு ஒட்டிப் பார்த்த அட்டவணைகளை மேடமே அடித்தார். ஒரு கட்டுரை ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்றார். முன் பின் மதிப்பெண் அட்டவணை மட்டும் மிஞ்சியது. மதிப்பெண் நன்றாகக் கூடியிருந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் வந்தன. முதலாமவர், ஒப்பிட இன்னொரு குழு ஏன் இல்லை என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் இருந்தது. இரண்டாமவர் கேட்டது இதுதான்: தீக்காயத்தின் மேல் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் ஊற்றக் கற்பித்திருக்கிறீர்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் இருக்கிறதா?

அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து ஆபீஸ் ஹாலில்தான் வகுப்பு நடந்தது. வெடிமருந்து அடைக்கும் அறைகள் பக்கம் எங்களை விடவில்லை. தண்ணீர் வசதி ஆராயப்படவில்லை என்று குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்து, நன்றி சொல்லி அனுப்பிவிடு என்றார் மேடம். முறைப்படி அது சரிதான். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன்.

வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவின் வீடு அங்கே. தண்ணீர் பற்றிக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டிரம்மு கெடக்கு சிஸ்டர். ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் ரொப்புவாக. எங்க பேரு வந்துராதுல்ல?"

வராது என்றேன். ஊர், கம்பெனி பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. அவர் சொன்னதையும் அதில் எழுத முடியாது. ஆய்வில் சேகரிக்காததை முடிவாகக் காட்டக் கூடாது.

அவரைக் காட்டிக்கொடுக்காமல், வகுப்பைப் பற்றிப் பேசுவதுபோல் மேனேஜரிடம் தண்ணீருக்குக் குழாய் போடச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். தீபாவளி சீசன் முடியட்டும், பார்ப்போம் என்றார். வாசலில் லாரிகள் லோடு ஏற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சிரிப்பு எனக்குப் பயத்தைத்தான் தந்தது.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதிலும், திருத்திய பக்க, வரி எண்ணும் போட்டேன். தலைப்பில் 'முதலுதவித் திறன்' என்றிருந்ததை 'முதலுதவி அறிவு' என்று மாற்றினேன். பாதுகாப்பு கூடியது என்று முடிவுரையில் பீற்றிக்கொண்ட வாக்கியத்தை எடுத்தேன். மதிப்பெண்ணை வைத்துப் பாதுகாப்பைச் சொல்ல முடியாது, தண்ணீர் வசதியை நாங்கள் ஆராயவில்லை என்று எழுதினேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மேடம் ஸ்வீட் வாங்கித் தந்தார்.

சீசன் உச்சத்தில் அந்த அக்காவுக்குப் போன் செய்து, டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். ஆனா இருவது நிமிசம் ஊத்தணும்னு எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்கோம்."