வெட்டிய கணக்கையும் அனுப்புங்கள்

உருத்திரபுரத்துக் கஜேந்தினி பட்டம் முடித்து மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தாள். கிளிநொச்சியில் கல்வி நிலையம் நடத்தும் தயாபரன் சேர்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அவளுக்கும் கணிதம் படிப்பித்தவர் அவர்.

தை மாதம் சாதாரண தரப் பரீட்சை வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வகுப்பில் அதை வாசித்தவள் கஜேந்தினி. அதில் இப்படி இருந்தது: செய்த கணக்கை ஒவ்வொரு வரியும் தெரியும்படி, வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பிழையை அழிக்க வேண்டாம், வெட்டியதையும் அனுப்புங்கள். ஒரு பிழை கவனக்குறைவாக இருக்கலாம். பல கணக்குகளில் ஒரே படி பிழைத்தால் அதுதான் உங்கள் பலவீனம். உங்களுக்கு உதவ மட்டுமே இந்தப் படங்கள்.

பிள்ளைகள் நம்பி அனுப்பினார்கள். அவர்களில் கிருசாந்தி என்ற பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு வராது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளுடைய பன்னிரண்டு படங்களைக் கஜேந்தினி அடுக்கிப் பார்த்தபோது, மறைக் குறி, அதாவது கழித்தல் அடையாளம், வந்த கணக்குகள் மட்டும் காரணியாக்கும் படியில் பிழைத்திருந்தன. இரண்டு எண்களின் பெருக்கம் சரியாக வரும். கூட்டுத்தொகையின் குறி மாறிவிடும். கூட்டல் கழித்தல் குறிகளை மட்டும் திரும்பப் படிப்பித்துப் புதிதாக மூன்று கணக்குக் கொடுத்தாள். மூன்றும் சரி.

ஆவணியில் சேர் பெயர்ப் பட்டியல் கேட்டார். மேலதிக வகுப்புக்கென்று நினைத்து, யாருக்கு எது பலவீனம் என்று, கிருசாந்தியின் பழைய பிழை உட்பட, எழுதிக் கொடுத்தாள். மறுநாள் ஒன்பது பெற்றோருக்கு, பிள்ளையை இனி அனுப்ப வேண்டாம் என்று செய்தி போனது. நிலையத்தில் படித்த எல்லோரும் பரீட்சையில் சித்தி என்று பதாகை கட்ட வேண்டுமாம்.

"உதவத்தானே எண்டு எழுதினனீங்கள், சேர்?" என்று கேட்டாள்.

"பலவீனம் தெரியவேணும் எண்டு எழுதினன். தெரிஞ்சிட்டுது," என்றார் அவர், தலை நிமிராமல்.

கிருசாந்தி புத்தகங்களை எடுக்க வந்தாள். "டீச்சர், நான் வெட்டினதையும் அனுப்பினனான். அழிச்சுப்போட்டு அனுப்பியிருந்தா உள்ளுக்கை இருந்திருப்பன்."

கஜேந்தினி அந்தக் கிழமையே வேலையை விட்டாள். சனிக்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் படிப்பிக்கிறேன் என்று ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் கிருசாந்தியும் இருந்தாள். ஆனால் டீச்சர் பக்கத்தில் வந்தால் கொப்பியைக் கையால் மறைத்தாள். பரீட்சை வரை அது மாறவில்லை. கணிதத்தில் C, திறமைச் சித்தி, எடுத்தாள். அதைக் கஜேந்தினி வேறொரு பிள்ளை சொல்லித்தான் அறிந்தாள்.

இப்போது அவளுக்கு ஒட்டுசுட்டானில் ஆசிரியர் வேலை. ஒருநாள் பஸ்ஸில் தயாபரன் சேர் ஏறினார். "எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய்?" என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் எழும்பி இருக்கையை விட்டுக்கொடுத்து, "சுகமா இருக்கிறன், சேர்," என்றாள். இறங்கி நடந்தபோதுதான் தன்மீதே ஆத்திரம் வந்தது.